கயிறா கம்பியா: உச்சியில எவ்ளோ ஸ்பீடு இருந்தா போதும்?

கிருஷ்ணகிரில பிளஸ் ஒன் பசங்களுக்கு ஃபிசிக்ஸ் சொல்லித் தர்றேன், வருஷா வருஷம் இந்த ஒரு எடத்துலதான் மாட்டுறாங்க. செங்குத்து வட்டம்னு பாத்த ஒடனே உச்சியில √(gL), கீழ √(5gL)னு எழுதி முடிச்சிடறாங்க, கேள்வியில கயிறு போட்டிருக்கா கம்பி போட்டிருக்கான்னு படிக்கறதே இல்ல.

நம்மூர்ல மாங்காய்க்கா பஞ்சம், 200 கிராம்ல ரெண்டு செந்தூரா காய் எடுத்துக்கலாம். ஒண்ண கயித்துல கட்டியாச்சு, இன்னொண்ண ஒரு லேசான குடைக்கம்பி முனையில குத்தியாச்சு, ரெண்டோட இன்னொரு முனையும் ஆணியில ஃப்ரீயா சுத்தும். ஆணியிலருந்து காயோட நடுவு வரைக்கும் 40 செ.மீ. g-ய 10னு வச்சுக்கலாம், காத்து, உராய்வு ரெண்டையும் விட்டுடலாம்.

ஆணிக்கு மேல h உயரத்துல காய் இருக்கறப்போ அத உள்பக்கமா இழுக்கற விசை இதுதான், கயித்துக்கும் கம்பிக்கும் பொது:

T = m(v² − gh)/L

v² பெருசா இருந்தா T பிளஸ், அதாவது இழுக்கணும். gh பெருசா ஆயிடுச்சுன்னா T மைனஸ், அதாவது வெளிப்பக்கமா தள்ளணும். கயிறு இழுக்கும், தள்ளத் தெரியாது. கம்பி ரெண்டும் பண்ணும். இவ்ளோதான் வித்தியாசம், மிச்சமெல்லாம் இதுலருந்து தானா வர்றது.

உச்சியில h = L. கயித்துக்கு T மைனஸ் ஆகக்கூடாது, அதனால v² குறைஞ்சது gL, நம்ம கணக்குல 2 மீ/வி. கம்பிக்கு அந்த கண்டிஷனே கெடையாது, ஸ்பீடு சைபர் ஆனாலும் காயோட எடைய கம்பி கீழருந்து தாங்கிக்கும். இதுக்கு கீழ எவ்ளோ ஸ்பீடு வேணும்னு ஆற்றல வச்சு போட்டா கயித்துக்கு 4.47, கம்பிக்கு 4. ஆனா கம்பிக்கு சரியா 4 குடுத்தா காய் உச்சிய நெருங்க நெருங்க மெதுவாகிக்கிட்டே போகும், கணக்குப்படி போய் சேரவே சேராது, அதனால 4க்கு கொஞ்சமாவது மேல இருக்கணும். கயித்துக்கு அப்படி இல்ல, சரியா 4.47 குடுத்தாலே சுத்திடும்.

இப்ப ரெண்டுக்கும் நடுவுல, கீழ 4.2 மீ/வி குடுத்து பாருங்க. மேட்டர் இங்கதான் இருக்கு.

h உயரத்துல v² = 17.64 − 20(0.4 + h). இது gh-க்கு, அதாவது 10h-க்கு சமமாகற எடம் h = 0.32 மீ, கீழருந்து பாத்தா 72 செ.மீ. உயரம். அங்க T சைபர். கயித்துல இருக்கற காய் அந்த எடத்துலயே வட்டத்த விட்டுடுது, கயிறு தொய்ஞ்சு போயிடும், அதுக்கப்புறம் அது எறிஞ்ச கல்லு மாதிரிதான். அப்ப அதோட ஸ்பீடு 1.79, சாய்வா மேல போயிட்டிருக்கறதால இன்னும் ஒரு 6 செ.மீ. ஏறி 78 செ.மீ. கிட்ட திரும்பிடும். வட்டத்தோட உச்சி 80. அதனால 'ஸ்பீடு பத்தலன்னா காய் உச்சியில வந்து நின்னு அப்படியே நேரா கீழ விழும்'னு எழுதற பசங்களுக்கு மார்க் போடாதீங்க, அது உச்சிக்கே வரல, நிக்கவும் இல்ல, உயரமான பாயின்ட்லயும் பக்கவாட்டுல 1.4 மீ/வில போயிட்டுதான் இருக்கு.

கம்பியில இருக்கற காயும் அதே 72 செ.மீ.ல அதே 1.79 ஸ்பீடுலதான் வரும், அங்க அதுக்கும் T சைபர்தான். ஆனா அந்த பாயின்ட்ட தாண்டினதும் இழுத்துக்கிட்டிருந்த கம்பி தள்ள ஆரம்பிச்சிடும், காய் வட்டத்துலயே போய் உச்சிய 1.28 மீ/வில தாண்டும், அப்ப கம்பி 1.18 நியூட்டன் மேல்நோக்கி தள்ளிக்கிட்டிருக்கும். கயிறு தொய்யற எடமும் கம்பி தள்ள ஆரம்பிக்கற எடமும் ஒண்ணுதான்னு புரிஞ்சுட்டா ரெண்டு ஃபார்முலாவ தனித்தனியா மனப்பாடம் பண்ணவே வேணாம்.

வளையத்துல கோத்த மணி, குழாய்க்குள்ள ஓடற குண்டு ரெண்டும் கம்பி கேஸ், ரெண்டு பக்கமும் தாங்க சுவர் இருக்கு. லூப் டிராக்கோட உள்பக்கம் உருள்ற குண்டுன்னா கயிறு கேஸ்.

கேள்வியில 'லேசான கம்பி'னு போட்டிருக்கற அந்த 'லேசான'வ சும்மா அலங்காரம்னு நெனைக்காதீங்க. குடைக்கம்பிக்கு பதிலா காய் எடைக்கே சமமா, 200 கிராம்ல ஒரு சீரான இரும்புக் கம்பி போட்டா கம்பியையும் சேத்து மேல தூக்கணும், கம்பிக்கும் சுத்தற ஆற்றல் இருக்கும், ரெண்டையும் சேத்து போட்டா காய்க்கு கீழ √(4.5gL), அதாவது 4.24 மீ/வி தேவைப்படுது. நாம குடுத்த 4.2க்கு அந்தக் கம்பி உச்சிக்கு கொஞ்சம் முன்னாடியே நின்னு வந்த வழியே திரும்பிடும்.