யெலிச்சா, டிக்ராமா? பேட்டரையும் பிட்சரையும் ஒரே தராசில் நிறுத்தினால்

2018 பேஸ்பால் சீசனை வைத்து நண்பர்கள் நாங்கள் ஒரு வாக்கெடுப்பு நடத்தினோம். அந்த ஆண்டு நேஷனல் லீகில் அதிக மதிப்புள்ள ஆட்டக்காரர் யார்? நிஜத்தில் விருது மில்வாக்கி புரூவர்ஸ் பேட்டர் கிறிஸ்டியன் யெலிச்சுக்குப் போனது. முதலிட வாக்குகள் 30ல் 29 அவருக்கு. மீதி ஒன்று நியூயார்க் மெட்ஸ் அணிக்குப் பந்து வீசும் பிட்சர் ஜேக்கப் டிக்ராமுக்கு. எங்கள் வாக்கெடுப்பில் நானும் டிக்ராமுக்கே போட்டேன்.

யெலிச் 36 ஹோம் ரன் அடித்தார், பேட்டிங் சராசரி .326. டிக்ராம் 217 இன்னிங்ஸ் வீசி 48 ரன்தான் விட்டுக்கொடுத்தார். இந்த இரண்டையும் நேராக ஒப்பிட வழியில்லை. அதற்குத்தான் 'வார்' என்ற அளவு. இந்த ஆள் இல்லாமல், மைனர் லீகிலிருந்து சுலபமாகக் கூட்டிவரக்கூடிய மாற்று ஆட்டக்காரர் ஒருவர் ஆடியிருந்தால் அணிக்கு எத்தனை வெற்றி குறைந்திருக்கும் என்பதுதான் அது. அணி முழுக்க அப்படிப்பட்ட மாற்று ஆட்களே ஆடினால் 162 ஆட்டத்தில் 48 போல வெல்வார்கள் என்பது கணக்கின் அடித்தளம். பேட்டரோ பிட்சரோ, முதலில் ரன்னாக மாற்ற வேண்டும்; பிறகு சுமார் 10 ரன்னுக்கு ஒரு வெற்றி.

யெலிச்சின் கணக்கு சீக்கிரம் முடிந்துவிடும். மட்டையால் மட்டும் சராசரி ஆட்டக்காரரைவிட ஏறக்குறைய 50 ரன் கூடுதல். பேஸ் ஓட்டத்தில் கிடைத்ததை, ஃபீல்டிங்குக்கு எளிதான இடமான கார்னர் அவுட்ஃபீல்டில் நிற்பதற்கான கழிவு கிட்டத்தட்டச் சமன் செய்துவிடுகிறது. ஒரு முழு சீசனில் சராசரி ஆட்டக்காரருக்கும் மாற்று ஆளுக்கும் உள்ள இடைவெளி சுமார் 20 ரன். ஆக 70 ரன், ஏழு வெற்றி. வெளியாகும் பட்டியல்களிலும் அவர் ஏழுக்கும் எட்டுக்கும் நடுவில்தான் இருக்கிறார்.

இப்போது டிக்ராம். ஒரு ஆட்டத்துக்கு ஒன்பது இன்னிங்ஸ், ஆக 217ஐ ஒன்பதால் வகுத்தால் சுமார் 24 முழு ஆட்டம். அன்றைக்கு லீக் சராசரி ஒரு ஆட்டத்தில் ஒரு அணிக்கு 4.4 ரன் அளவில் இருந்தது. மாற்று பிட்சர் இன்னும் ஒரு ரன் கூடுதலாகக் கொடுப்பார் என்று வைத்தால் 24 ஆட்டத்தில் 130 ரன். டிக்ராம் கொடுத்த 48ஐக் கழித்தால் 82 ரன் மிச்சம். அப்புறம் இன்னொன்று: அவர் வீசும் ஆட்டத்தில் ரன்னே குறைவு என்பதால் அங்கே ஒரு ரன்னின் விலை அதிகம், வெற்றிக்கு 10 ரன் தேவைப்படாது. அதனால்தான் எட்டில் நிற்காமல் ஒன்பதை ஒட்டிப் போகிறார். அவரது 10-9 என்ற வெற்றி தோல்விக் கணக்குக்கு இதில் வேலையே இல்லை. அது மெட்ஸ் பேட்டிங்கின் குறை.

ஐந்து நாளைக்கு ஒருமுறை வருபவர் தினமும் ஆடுபவரை எப்படி முந்துவார் என்று கேட்பார்கள். 217 இன்னிங்ஸில் அவர் எதிர்கொண்ட பேட்டர்கள் 800க்கும் மேல். யெலிச் மட்டை பிடித்தது 651 முறை. அந்தக் கேள்வி அதோடு முடிந்தது.

உண்மையான சிக்கல் வேறு. பிட்சர் தடுத்த ரன்னில் அவர் பங்கு எவ்வளவு, பின்னால் நிற்கும் ஃபீல்டர்கள் பங்கு எவ்வளவு? பேஸ்பால்-ரெஃபரன்ஸ் தளம் பிட்சர் விட்டுக்கொடுத்த ரன்னிலிருந்து தொடங்கி, ஃபீல்டிங் எவ்வளவு உதவியது அல்லது கெடுத்தது என்று திருத்துகிறது. ஃபேன்கிராஃப்ஸ் முக்கியமாக ஸ்ட்ரைக்அவுட், வாக், ஹோம் ரன் என ஃபீல்டர் கை படாதவற்றை வைத்தே கணக்கிடுகிறது. அதே ஆண்டு ஃபிலடெல்ஃபியாவின் ஆரன் நோலாவைப் பாருங்கள். அவர் அணியின் ஃபீல்டிங் மிக மோசம். அதை ஈடுகட்டி முதல் தளம் அவரை டிக்ராமின் உயரத்துக்கே கொண்டுபோகிறது. இரண்டாவது தளத்தில் மூன்று வெற்றிக்கும் மேல் இறங்கிவிடுகிறார். ஆள் ஒருவர், சீசன் ஒன்று, ஆனால் விடை இரண்டு. அதனால் ஒரு பிட்சரைப் பேட்டரோடு ஒப்பிடும்போது இரண்டு தளத்தையும் திறந்து வையுங்கள். இரண்டும் விலகினால் நடுவில் எங்கோ என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

டிக்ராமிடம் அந்த விலகல் கிட்டத்தட்ட இல்லை. ஒன்பது இன்னிங்ஸுக்கு அவர் உண்மையில் விட்ட ரன் 1.99. ஃபீல்டரை விலக்கிவிட்டுக் கணக்கிடும் ஃபிப் எண் 1.98. எந்த வாசல் வழியாகப் போனாலும் அதே வீடு. என் வாக்கை முடிவு செய்தது இதுதான்.

ஆனாலும் யெலிச்சின் ஃபீல்டிங் எண் ஒரு சீசனை மட்டும் வைத்து நம்பக்கூடியது அல்ல, ஐந்து ரன் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ இருக்கலாம். சமநிலையில் அடித்த ஹோம் ரன்னுக்கும் பத்து ரன் முன்னிலையில் அடித்ததற்கும் வாரில் ஒரே மதிப்புதான். டிவிஷன் பட்டத்துக்காக, 162 ஆட்டம் முடிந்தும் சமநிலை நீடித்ததால் 163வது ஆட்டம் வரை போராடிய அணிக்கு ஆடியவர் யெலிச். மெட்ஸ் 85 ஆட்டம் தோற்றது. வித்தியாசம் அரை வெற்றியாக இருந்திருந்தால் இதையெல்லாம் பார்த்து அவருக்கே போட்டிருப்பேன். ஒன்றரை வெற்றி இடைவெளியில் எனக்கு மனம் வரவில்லை.