பையனுக்கு பிஎஸ்5: காசுக்குப் போட்ட பூட்டு சரி, பேச்சுக்கு?

அலுவலக நண்பர் ஒருவர் தன் மகனுக்கு பிஎஸ்5 கேம் கன்சோல் வாங்கப் போகிறார். "குழந்தைக்கு ஏத்த மாதிரி எல்லாத்தையும் லாக் பண்ணிடலாம்ல?" என்று கேட்டார். எங்கள் வீட்டில் அது வந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. பையனுக்குப் பதினொரு வயது. அவருக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். கிராபிக்ஸ், ஸ்டோரேஜ் எல்லாம் எங்கும் படிக்கலாம், அதை விட்டுவிடுகிறேன்.

முதலில் உங்கள் கணக்கைத் திறந்து, அதன் கீழ் குழந்தைக்குத் தனிக் கணக்கு உருவாக்க வேண்டும். உண்மையான பிறந்த தேதியைக் கொடுங்கள், மற்ற கட்டுப்பாடுகள் எல்லாம் அதன்மேல்தான் நிற்கின்றன. அதன் பிறகு பலரும் விட்டுவிடுவது உங்கள் சொந்தக் கணக்குக்கு நாலு இலக்கப் பூட்டு போடுவது. அது இல்லையென்றால் பையன் திரையில் பக்கத்தில் இருக்கும் உங்கள் கணக்கின் படத்தை அழுத்தி உள்ளே போய்விடுவான். அங்கே வயது வரம்பும் கிடையாது, செலவு வரம்பும் கிடையாது. Settings-க்குள் Users and Accounts, அதில் Login Settings என்று போனால் இது கிடைக்கும். அப்புறம் Family and Parental Controls பகுதியில் PS5 Console Restrictions என்று ஒன்று உண்டு. அதைத் திறக்கும் கடவுஎண் வாங்கும்போது 0000. அதை மாற்றிவிட்டு, புதிய பயனரை உருவாக்குவதையும் விருந்தாளியாக நுழைவதையும் அங்கேயே தடுத்துவிடுங்கள். இல்லையென்றால் பையன் தானே புதிதாக ஒரு பயனரை உருவாக்கிக்கொண்டு ஆடலாம்.

செலவு விஷயத்தில் எனக்கு ஒரு குறையும் இல்லை. குழந்தைக் கணக்கின் மாதச் செலவு வரம்பு தொடக்கத்திலேயே பூஜ்யம். நாமாக ஏற்றினால்தான் ஏறும். அவன் வாங்குவது நம் கணக்கின் வாலட்டில் இருக்கும் பணத்தில் இருந்துதான் போகும். அதனால் நான் வங்கிக் கார்டைச் சேர்க்கவே இல்லை. பிறந்தநாள், பொங்கல் என்று வரும்போது கிப்ட் கார்டு வாங்கி என் வாலட்டில் ஏற்றி, அந்த மாத வரம்பையும் அதே தொகைக்கு உயர்த்திவிடுவேன். எதை வாங்குவது என்று அவனே யோசித்து, கணக்குப் போட்டு, சில சமயம் வேண்டாம் என்று விட்டுவிடவும் செய்கிறான். இதை நான் எதிர்பார்க்கவில்லை, மனதுக்கு நிறைவாக இருக்கிறது. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: அதே ஆட்டம் போனிலும் இருந்து, அதே கணக்கில் உள்ளே போனால், அங்கே வாங்குவது இந்த வரம்புக்குள் வராது. போனில் தனியாகப் பூட்டு போட வேண்டும்.

வயது வரம்பும் நன்றாகவே வேலை செய்கிறது. வரம்பைத் தாண்டிய ஆட்டம் டிஸ்க்கில் இருந்தாலும் திறக்காது. பையன் அனுமதி கேட்டு அனுப்பலாம், அந்த ஓர் ஆட்டத்துக்கு மட்டும் நாம் சம்மதிக்கலாம். ஆனால் ஐரோப்பாவின் பெகி வயதுக்குறி முறையில் பெட்டியில் அச்சிடும் 3, 7, 12, 16, 18 என்ற எண்கள், முக்கியமாக ஆட்டத்துக்குள் என்ன வருகிறது என்பதைப் பார்த்துப் போடுபவை. ஆன்லைனில் எதிரே யார் வருவார், என்ன பேசுவார் என்பது அந்த எண்ணில் அடங்காது. ஈஏ ஸ்போர்ட்ஸ் எஃப்சி கால்பந்துக்குப் பெகி 3 கொடுத்திருந்தார்கள். அதே ஆட்டத்தில் காசு கொடுத்து வீரர் பேக் வாங்கும் கடையும் உண்டு, முகம் தெரியாதவர்களோடு ஆன்லைனில் ஆடவும் முடியும்.

இப்போது என்னை இன்றுவரை எரிச்சலூட்டும் விஷயம். பேச்சு.

கன்சோலில் பேச்சுக்கு Communication and User-Generated Content என்று ஒரே சுவிட்ச். அதை அடைத்தால் மெசேஜ், குரல், மற்றவர்கள் பகிரும் படம், வீடியோ எல்லாம் ஒன்றாக அடைபடும். பையனுக்குக் கோவையில் இருக்கும் அத்தை மகனோடு பேசிக்கொண்டே ஆட வேண்டும், அவ்வளவுதான் ஆசை. அதற்கு வழி இருக்கிறது. பொதுவாக அடைத்தே வைத்து, ஒரே ஓர் ஆட்டத்துக்குப் பேச அனுமதி கொடுக்கலாம். அப்படிக் கொடுத்ததும் பொறுப்பு ஆட்டக் கம்பெனியின் கைக்குப் போய்விடுகிறது. பெரிய ஆன்லைன் ஆட்டங்கள் பலவற்றுக்குத் தனிக் கணக்கு, தனி நண்பர் பட்டியல், தனிப் பேச்சு அமைப்பு. அங்கே போய் குரல், எழுத்து இரண்டையும் நண்பர்கள் மட்டும் என்று தனித்தனியாக வைக்க வேண்டும்.

வைத்தேன். சில மாதம் ஒரு தொந்தரவும் இல்லை. ஒரு பெரிய அப்டேட்டுக்குப் பிறகு ஒரு நாள் பையன் கன்ட்ரோலரோடு சமையலறைக்கு வந்து, "அப்பா, ஒருத்தன் நான் எந்த ஸ்கூல்னு கேக்குறான், சொல்லலாமா?" என்றான். போய்ப் பார்த்தால் எழுத்துப் பேச்சு எல்லோருக்கும் என்று மாறிக் கிடந்தது. குரல் மட்டும் நான் வைத்தபடி இருந்தது. ஆட்டத்தின் பெயரும் கம்பெனியின் பெயரும் இங்கே வேண்டாம். ஆனால் ஒரு குழந்தையின் கணக்கு என்று தெரிந்தும் அந்த அமைப்பை எப்படித் திறந்துவிட முடிகிறது என்பது எனக்கு இன்னும் ஆறவில்லை. வேறொரு ஆட்டமான ஃபோர்ட்நைட் விவகாரத்தில், 2022 டிசம்பரில் அமெரிக்காவின் மத்திய வணிக ஆணையம் எபிக் கேம்ஸ் மீது எடுத்த நடவடிக்கை 27.5 கோடி டாலர் அபராதத்தில் முடிந்தது. சிறுவர்களுக்குக் குரலும் எழுத்தும் தொடக்கத்திலேயே அணைந்திருக்க வேண்டும் என்பதும் அந்த ஏற்பாட்டில் ஒரு நிபந்தனை. அது எல்லா ஆட்டத்துக்கும் எல்லா நாட்டிலும் விதியாக இருக்க வேண்டும்.

இன்னொன்று, மைக். ஹெட்செட் வாங்கித் தரவில்லை, அதனால் பேச முடியாது என்று பலர் நினைக்கிறார்கள். பிஎஸ்5-ஓடு வரும் டூயல்சென்ஸ் கன்ட்ரோலருக்குள்ளேயே மைக் இருக்கிறது. பிஎஸ் பட்டனுக்குக் கீழே ஒரு சின்னப் பட்டன். அதில் ஆரஞ்சு விளக்கு எரிந்தால் மைக் அணைந்திருக்கிறது, எரியாவிட்டால் திறந்திருக்கிறது. ஆட்டத்தில் பேச்சும் திறந்திருந்தால் வீட்டில் நாம் பேசுவதும் அந்தப் பக்கம் கேட்கும். ஒலி அமைப்பில் Microphone Status When Logged In என்பதை மியூட்டில் வைத்தால், ஒவ்வொரு முறையும் அணைந்த நிலையிலேயே தொடங்கும். பையனுக்கும் அந்த விளக்கைக் காட்டிக் கொடுங்கள். இப்போது அத்தை மகனிடம் பேசி முடித்ததும் அவனே ஆரஞ்சாக்கிவிடுகிறான்.

பூட்டு உண்மையில் பூட்டியிருக்கிறதா என்று பார்க்க, பையனின் கணக்கில் ஒரு ஆட்டத்தைத் தொடங்கி, அவனுடைய நண்பர் பட்டியலில் இல்லாத ஒருவரை எதிரே ஆடச் சொல்லுங்கள். அவர் குரல் கொடுக்கட்டும், எழுத்திலும் ஏதாவது அனுப்பட்டும், நட்பு அழைப்பும் விடட்டும். மூன்றும் பையன் திரையில் வராமல் இருக்க வேண்டும். நான் மச்சானை வைத்து இதைச் செய்கிறேன், ஒவ்வொரு பெரிய அப்டேட்டுக்குப் பிறகும் திரும்பச் செய்கிறேன்.

காசையும் வயதையும் இவ்வளவு ஒழுங்காகக் காக்கும் பொருளை நான் தாராளமாகப் பரிந்துரைக்க வேண்டும். கன்சோல் செய்ய வேண்டியதைச் செய்கிறது. இருந்தாலும் நண்பரிடம், "பையனுக்கு இப்ப பத்து வயசுதானே, இன்னும் ரெண்டு மூணு வருஷம் போகட்டும்" என்றுதான் சொன்னேன். அதற்கு முன்பே வாங்கியே தீருவேன் என்றால், இரண்டாவது கன்ட்ரோலர் ஒன்றையும் சேர்த்து வாங்கி, பக்கத்தில் உட்கார்ந்து ஆடுகிற ஆட்டங்களாகப் பார்த்து எடுக்கச் சொல்லியிருக்கிறேன்.