திருச்சியில் ஒரு பிரிண்டரும் 90 ரூபாய் டாலரும்

2025 டிசம்பரில் சிங்கப்பூரிலிருந்து ஊருக்குப் போனபோது, மாமாவின் ஜெராக்ஸ் கடைக்கு ஒரு லேசர் பிரிண்டர் வாங்கலாம் என்று மலைக்கோட்டைப் பக்கம் போனோம். ஜூலையில் மாமா அதே கடையில் விசாரித்தபோது விலை 18,000. இப்போது 20,500 என்றார் கடைக்காரர். "டாலர் தொண்ணூறு தாண்டிடுச்சு சார், நாங்க என்ன செய்ய?"

தாண்டியது உண்மைதான். ஜூலையில் 86 ரூபாய் அளவில் இருந்த டாலர், டிசம்பரில் முதல் தடவையாக 90ஐத் தொட்டது. ஆனால் அதற்கு 2,500 ரூபாயா? எனக்குப் பொறுக்கவில்லை, பில் புத்தகத்தின் பின்பக்கத்திலேயே கணக்குப் போட்டேன்.

பிரிண்டரின் இறக்குமதி விலை 140 டாலர் என்று வைத்துக்கொள்வோம். இந்த வகைப் பிரிண்டருக்கு சுங்க வரி கிடையாது. 86 ரூபாய்க்கு 12,040, 90 ரூபாய்க்கு 12,600. வித்தியாசம் 560. அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தால் 660 சொச்சம். கடை வாடகை, ஆள் சம்பளம், டீலர் லாபம் எல்லாம் ரூபாயில் நடப்பவை. டாலர் ஏறியதற்காக அவை ஏறுவதில்லை. ரூபாய் நாலரை சதவீதம் இறங்கினால் கடை விலை நாலுக்கும் கீழேதான் ஏற வேண்டும். இவர் கேட்டது கிட்டத்தட்ட பதினாலு.

அப்புறம் பெட்டியைத் திருப்பிப் பார்த்தேன். ஸ்டிக்கரில் தயாரித்த மாதம் ஜூன் 2025, எம்ஆர்பி 23,999. ரூபாய் இறங்குவதற்கு முன்பே தயாரான சரக்கு! எம்ஆர்பி மாறவில்லை, கொடுத்துவந்த தள்ளுபடியைத்தான் குறைத்திருக்கிறார். நம் ஊரில் எலக்ட்ரானிக்ஸ் விலை ஏறுவது பெரும்பாலும் இப்படித்தான்.

அவர் பக்கமும் கொஞ்சம் நியாயம் உண்டு. அடுத்த சரக்கைப் புது விலையில்தானே எடுக்க வேண்டும்? இறக்குமதியாளருக்கு இன்னொரு சிக்கல்: இரண்டு மூன்று மாதக் கடனில் எடுத்து, முன்கூட்டியே டாலர் விலையைப் பேசி வைக்காவிட்டால், வந்து இறங்கிய பழைய சரக்குக்கும் இன்றைய விலையில் பணம் கட்ட வேண்டிவரும். ஆனால் அந்தச் சுமையும் அதே 660க்குள்தான் அடங்கும்.

சிங்கப்பூரில் சாப்பாட்டு அரிசி முதல் கிட்டத்தட்ட எல்லாமே இறக்குமதி. அங்கே மத்திய வங்கி வட்டியைவிட சிங்கப்பூர் டாலரின் மாற்று மதிப்பைத்தான் பிடித்து வைத்து விலைவாசியைக் கட்டுப்படுத்துகிறது. அங்கே பழகிவிட்டு இங்கே "டாலர் ஏறிடுச்சு" என்ற ஒரே வார்த்தையில் 2,500 போவதைப் பார்க்க வயிறு எரிகிறது. டாலர் 86க்குத் திரும்பினால் இவர் குறைப்பாரா என்று கேட்டேன், பதிலில்லை.

என் சின்ன வயதில் மாமா என்னைக் கூட்டிப்போய்ப் பேரம் பேசிய அதே நிதானத்தோடு, "ஸ்டிக்கரைப் பாருங்க தம்பி, பழைய சரக்கு" என்று மட்டும் சொன்னார். 18,700க்கு முடிந்தது.