பின்மூடி சொல்வதா, டயல் சொல்வதா? ஒரு சீகோ 6139 மீதான விசாரணை

பழைய கைக்கடிகாரத்துக்கு வயது கேட்டால் மூன்று இடங்கள் பதில் சொல்லும்: பின்மூடியில் உள்ள மாடல் எண், அதே மூடியில் உள்ள சீரியல் எண், டயலில் அச்சிட்டிருக்கும் எழுத்துகள். மூன்றும் ஒரே பதிலைச் சொன்னால் பிரச்சினை இல்லை. முரண்பட்டால் எதை நம்புவது? சீகோ 6139 குரோனோகிராஃபை, அதாவது ஸ்டாப்வாட்ச் வசதியுள்ள கைக்கடிகாரத்தை, வைத்துப் பார்க்கலாம். 1969-இல் வந்த உலகின் முதல் ஆட்டோமேட்டிக் குரோனோகிராஃப்களில் அதுவும் ஒன்று. அமெரிக்க விண்வெளி வீரர் வில்லியம் போக் 1973-74-இல் ஸ்கைலேப் 4 விண்வெளிப் பயணத்தில் கட்டியிருந்தது இதன் மஞ்சள் டயல் வகையைத்தான். அதனாலேயே விலை ஏறியது, கலப்படமும் பெருகியது.

ஒரு விற்பனைப் படத்தில் பின்மூடி 6139-6002, சீரியல் 4N2317 என்று காட்டுவதாக வைத்துக்கொள்வோம். மாடல் எண்ணின் முதல் பாதி இயந்திரம், இரண்டாம் பாதி கேஸ். வயதுக்கு இது அதிகம் உதவாது. 6139 என்பதிலிருந்து கிடைப்பது தோராயமாக 1969 முதல் எழுபதுகளின் கடைசி வரை என்ற ஒரு பரப்பு மட்டுமே.

சீரியல் எண் இதைவிடக் கூர்மையானது. முதல் இலக்கம் ஆண்டின் கடைசி இலக்கம். அடுத்தது மாதம்: 1 முதல் 9 வரை எண், அக்டோபருக்கு O, நவம்பருக்கு N, டிசம்பருக்கு D. மீதி வரிசை எண். ஆக, 4N என்றால் ஏதோ ஒரு 4-இல் முடியும் ஆண்டின் நவம்பர். 1964-இல் இந்த இயந்திரமே இல்லை. 1984-க்குள் இதன் காலம் முடிந்துவிட்டது. எனவே 1974 நவம்பர். மாடல் எண் பரப்பைத் தருகிறது, சீரியல் அதற்குள் மாதத்தைக் குறிக்கிறது. ஒன்றில்லாமல் மற்றது அரைகுறைதான். முதல் இலக்கம் 9 ஆனால்தான் சிக்கல், 1969-ஆ 1979-ஆ என்று. அப்போது பின்மூடியின் வாசகம் கைகொடுக்கும். 1970 வாக்கில் சீகோ 'வாட்டர் ப்ரூஃப்' என்று எழுதுவதை நிறுத்தி 'ரெசிஸ்ட்' என்று மாற்றியது. ப்ரூஃப் இருந்தால் பழையது.

நம் கடிகாரத்தின் டயலில் 'வாட்டர் 70 மீ ப்ரூஃப்' என்று இருக்கிறது என்று வையுங்கள். 1974 நவம்பர் கேஸில் அது இருக்க வாய்ப்பில்லை. முதலில் ப்ரூஃப், பிறகு ரெசிஸ்ட், அதன்பின் தண்ணீர் பற்றிய வரியே டயலில் இருந்து போய்விட்டது. ஒன்று, பழைய டயலை இதில் பொருத்தியிருக்கிறார்கள். இல்லையென்றால் இன்று அச்சடித்த புது டயல். ப்ரூஃப் டயலுக்கு மவுசு அதிகம் என்பதால் நகல் அச்சிடுபவர்கள் அதையே விரும்பி அச்சிடுவார்கள்.

இரண்டில் எது என்று எப்படித் தெரிந்துகொள்வது? லூப் எனும் உருப்பெருக்கியை எடுத்து 6 மணிக்குக் கீழே டயலின் விளிம்பைப் பாருங்கள். அங்கே ஜப்பான் என்ற சொல்லோடு 6139 என்று தொடங்கும் பொடி எழுத்தும், அருகே வேறொரு எண்ணும் இருக்கும். அந்த இரண்டாவது எண் பின்மூடி எண்ணோடு பொருந்தவில்லையே என்று பயப்படவேண்டாம்; அது டயலின் எண், கேஸின் எண் அல்ல. புதியவர்கள் நல்ல கடிகாரத்தைக் கைவிடுவது பெரும்பாலும் இந்தக் குழப்பத்தால்தான். கவனிக்க வேண்டியது அச்சு: எழுத்தின் ஓரம் கூர்மையாக இருக்கிறதா, நிமிடக் கோடுகள் மணிக் குறியீடுகளுக்கு நேராக நிற்கின்றனவா. மும்பையில் மறுவண்ணம் பூசி விற்கப்படும் சீகோ 5-களிலும் இதே சோதனை வேலை செய்யும். கண்ணைப் பறிக்கும் நிறம், மசமசத்த எழுத்து, விளிம்பில் எண்ணே இல்லாமை மூன்றும் சேர்ந்தால் டயல் பழையது அல்ல.

அப்படியானால் டயலே மேலா? முழுக்க அல்ல. பின்மூடி திருகிக் கழற்றக்கூடியது. அதே அளவு கேஸ் எதிலும் ஏறும். சீரியல் அந்த மூடிக்கு மட்டுமே பிறந்த தேதி. உள்ளே இருக்கும் இயந்திரத்துக்கு அது சாட்சி அல்ல. எனவே வாட்ச் மெக்கானிக்கிடம் மூடியைத் திறக்கச் சொல்லி 6139A-வா 6139B-யா என்று பார்ப்பேன். A முந்தையது. 1969 மூடிக்குள் B இருந்தால் ஏதோ மாறியிருக்கிறது.

ஒமேகாவில் இந்தக் கணக்கு தலைகீழ். பழைய ஒமேகாவில் சீரியல் இயந்திரத்தின் மேலேயும் மாடல் எண் பின்மூடியின் உட்புறத்திலும் இருக்கும். மூடியைத் திறக்காமல் வயதைச் சொல்ல வழியில்லை. வெளிப்படத்தை மட்டும் வைத்து வாங்க வேண்டிய நிலையில் சீகோவே வசதி. நான் முதலில் டயலைப் பார்ப்பேன், பிறகு சீரியல். இரண்டும் ஒத்துப்போனால்தான் உள்ளே திறந்த படம் கேட்பேன். விற்பவர் அதை அனுப்ப மறுத்தால், போக் கடிகாரத்துக்கான விலையை நான் தரமாட்டேன். உதிரிபாக விலை மட்டும்தான்.