ரைஸ் மதிப்பெண்ணா, தாமதத்தின் விலையா: ஒரே இன்டர்வியூ கேள்விக்கு இரண்டு வழிகள்

புராடக்ட் மேனேஜர் இன்டர்வியூக்களில் இந்த மாதிரிக் கேள்வி ஏதாவது ஒரு வடிவத்தில் கட்டாயம் வரும். நீங்கள் ஒரு பஸ் டிக்கெட் ஆப்பைப் பார்த்துக்கொள்கிறீர்கள். கையில் இரண்டு இன்ஜினியர்கள். தீபாவளிக்கு இன்னும் பத்து வாரம். பஸ் எங்கே வருகிறது என்று காட்டும் லைவ் டிராக்கிங், ரத்து செய்தால் உடனே பணம் திரும்புவது, நிரம்பிய பஸ்ஸில் சீட் காலியானால் சொல்லும் அலர்ட் என்று மூன்று யோசனைகள் இருக்கின்றன. எதை முதலில் செய்வீர்கள்?

பெரும்பாலானவர்கள் உடனே ரைஸ் பக்கம் போவார்கள். இன்டர்காம் நிறுவனத்தில் உருவான முறை இது. எத்தனை பேரைத் தொடும் (ரீச்), ஒவ்வொருவருக்கும் எவ்வளவு பயன் (இம்பாக்ட்), நம் கணிப்பில் எவ்வளவு நம்பிக்கை (கான்ஃபிடன்ஸ்) ஆகிய மூன்றையும் பெருக்கி, ஆகும் வேலையால் (எஃபர்ட்) வகுக்க வேண்டும். இம்பாக்ட்டுக்கு 3, 2, 1, 0.5, 0.25 என்ற ஐந்து எண்கள்தான். வேலையை ஆள்-மாதத்தில் சொல்வார்கள்.

நம் மூன்று யோசனைகளுக்கும் ஒரு காலாண்டுக்கு இப்படி வைத்துக்கொள்வோம்:

| ஃபீச்சர் | ரீச் | இம்பாக்ட் | கான்ஃபிடன்ஸ் | எஃபர்ட் | மதிப்பெண் |
|---|---|---|---|---|---|
| லைவ் டிராக்கிங் | 6,00,000 | 0.5 | 80% | 6 | 40,000 |
| உடனடி ரீஃபண்ட் | 60,000 | 2 | 80% | 2 | 48,000 |
| சீட் அலர்ட் | 1,00,000 | 1 | 50% | 1 | 50,000 |

பார்க்க அழகாக இருக்கிறது. அலர்ட் முதலிடம், சரி. ஆனால் எதிரே உட்கார்ந்திருப்பவர் கொஞ்சம் விவரமானவர் என்றால் ஒரே ஒரு கேள்வி கேட்பார்: "டிராக்கிங்குக்கு ஏன் 0.5? ராத்திரி பன்னிரண்டு மணிக்கு பைபாஸில் தனியாக நிற்பவருக்கு அது பெரிய விஷயம் இல்லையா?" நீங்கள் தலையாட்டி 1 என்று மாற்றினால் மதிப்பெண் 80,000 ஆகிவிடும். கடைசியில் இருந்தது முதலுக்கு வந்துவிட்டது. அந்த அளவுகோலில் மேலே உள்ள ஒரு படியைத் தவிர மற்ற ஒவ்வொரு படியும் மதிப்பெண்ணை இரட்டிப்பாக்கும். அதனால் இம்பாக்ட் எண்ணைப் போடுகிறவர்தான் வெற்றியாளரையும் தேர்ந்தெடுக்கிறார். 48,000க்கும் 50,000க்கும் உள்ள வித்தியாசத்தை வைத்து வாதாடுவது வீண் வேலை. அதைத் தானாகவே முன்வந்து சொல்கிற ஆள்தான் இன்டர்வியூவில் தேறுவார்.

அதைவிடப் பெரிய ஓட்டை, அந்த அட்டவணையில் தீபாவளியே இல்லை என்பது. கேள்வியில் இருந்த ஒரே தேதியை ரைஸ் எங்கேயும் கேட்கவில்லை.

அங்கேதான் அடுத்த முறை வருகிறது. தாமதத்தின் விலை என்பது புராடக்ட் உருவாக்கம் பற்றிய நூல்களை எழுதிய டான் ரைனர்ட்சன் பல வருடங்களாக வலியுறுத்தி வரும் யோசனை. ஒரு வேலையை ஒரு வாரம் தள்ளிப்போட்டால் எவ்வளவு இழக்கிறோம் என்று கேட்டு, அதை அந்த வேலை முடியப் பிடிக்கும் காலத்தால் வகுக்க வேண்டும். இந்தக் கேள்விக்கு அதைப் போட்டுப் பாருங்கள். இரண்டு இன்ஜினியர்களுக்கு டிராக்கிங் மூன்று மாத வேலை. இன்றே தொடங்கினாலும் தீபாவளிக்கு வராது. ஆகவே பண்டிகைக் கூட்டத்தைப் பொறுத்தவரை அதை ஆறு வாரம் தள்ளிப்போட்டாலும் நஷ்டம் இல்லை. ரீஃபண்ட் ஒரு மாதம், அலர்ட் இரண்டு வாரம், இரண்டும் சேர்ந்து ஆறு வாரத்தில் முடியும். பண்டிகை நேரத்தில் எல்லா பஸ்ஸும் நிரம்பியிருக்கும், லீவு கிடைக்காமல் ரத்து செய்கிறவர்களும் இருப்பார்கள். அலர்ட்டுக்கு அதைவிட நல்ல நேரம் கிடையாது.

இரண்டில் எது முதலில்? நான் ரீஃபண்டைத் தொடுவேன். பணம் சம்பந்தப்பட்டதை பேமென்ட் கேட்வேயோடு சோதிக்க நாள் பிடிக்கும், கடைசி வாரத்தில் அதில் கைவைக்கக் கூடாது.

இந்த முறைக்கும் ஒரு நோய் உண்டு. தேதி ஒட்டிய வேலை எல்லாம் அவசரமாகத் தெரியும். தீபாவளி போனால் பொங்கல், பொங்கல் போனால் மே மாத விடுமுறை. டிராக்கிங் மாதிரி நீளமான வேலை வருடம் முழுக்கக் கடைசியிலேயே நிற்கும். அதனால் பட்டியல் நீளமாக, தேதி எதுவும் இல்லாமல் இருந்தால், முதலில் சலித்தெடுக்க ரைஸ் போதும். கேள்வியில் தேதி இருந்தால் தாமதத்தின் விலைதான் என் தேர்வு. மாஸ்கோ, கானோ போன்ற மற்ற முன்னுரிமை முறைகள் இந்தக் கேள்விக்கு அவ்வளவாக உதவாது. வரிசைப்படுத்தச் சொன்னால் அவை வகை பிரித்துத்தான் கொடுக்கும்.

அப்புறம் உடனே அடுத்த கேள்வி வரும்: ரீஃபண்ட் வெற்றியா என்று எப்படித் தெரிந்துகொள்வீர்கள்? இங்கேயும் இரண்டு வேட்பாளர்கள். ஒன்று, பணம் திரும்பிச் சேரும் நேரம். நேற்று நாள்கணக்கு, இன்று நிமிடக்கணக்கு. இது நாம் செய்த வேலையை நாமே அளந்து பாராட்டிக்கொள்வது, கட்டாயம் வெற்றி காட்டும். மற்றொன்று, ரத்து செய்தவர் மறுபடி நம்மிடமே புக் செய்கிறாரா என்பது. இது நல்லது, ஆனாலும் முழுசாக நம்ப முடியாது. யூடியூப் 2012ல் தன் பரிந்துரைகளை வியூ எண்ணிக்கையிலிருந்து பார்க்கும் நேரத்துக்கு மாற்றியது. கிளிக்கை எண்ணினால் கவர்ச்சியான தலைப்பும் படமும் ஜெயிக்கும் என்பதுதான் காரணம். எண்ணுவது எதுவோ, அதுதான் வளரும்.

மறு புக்கிங்கை ஏன் முழுசாக நம்ப முடியாது என்பதற்கு, அடுத்து வரும் டிரேட்-ஆஃப் கேள்வியே, அதாவது ஒன்று கூடி மற்றொன்று குறையும்போது என்ன செய்வீர்கள் என்பதே, உதாரணம். ஏ/பி சோதனையில் ஒரு பக்கத்தாருக்குப் பழைய முறை, மறு பக்கத்தாருக்கு உடனடி ரீஃபண்ட். இரு பக்கமும் சம எண்ணிக்கையில் பயனர்கள், தலா 1,00,000 புக்கிங். பழைய பக்கத்தில் 6% ரத்து, அவர்களில் 20% மறுபடி புக் செய்தார்கள். புதிய பக்கத்தில் 7.5% ரத்து, 26% மறு புக்கிங். வெளியிடலாமா?

20 என்பது 26 ஆனதைப் பார்த்துச் சந்தோஷப்படுகிறவர்கள் இங்கே மாட்டிக்கொள்வார்கள். பழைய பக்கம்: 6,000 ரத்து, 1,200 மறு புக்கிங், பயணமானவை 95,200 டிக்கெட். புதிய பக்கம்: 7,500 ரத்து, 1,950 மறு புக்கிங், பயணமானவை 94,450. சதவீதம் ஏறியும் 750 டிக்கெட் குறைந்துவிட்டது. (மறுபடி புக் செய்தவர்கள் எல்லாரும் பயணம் செய்தார்கள் என்று வைத்துக்கொண்ட கணக்கு இது.)

ஆனால் "அப்படியானால் வேண்டாம்" என்று முடித்தாலும் பாதி விடைதான். பணம் உடனே திரும்பும் என்று தெரிந்தால் தயங்குகிறவரும் துணிந்து புக் செய்வார். புதிய பக்கத்தில் அதே பயனர்கள் 1,00,000க்குப் பதில் 1,01,000 புக்கிங் போட்டிருந்தால் பயணமானவை 95,394க்கு அருகில் வந்து பழையதைத் தாண்டிவிடும். ஒரு சதவீதம் கூடுதல் புக்கிங் முடிவையே திருப்பிவிடுகிறது. அதனால் முதன்மை மெட்ரிக் மறு புக்கிங் சதவீதமாக இருக்கக் கூடாது. ஆப்பைத் திறந்த ஒரு பயனருக்கு எத்தனை பயணம் முடிந்தது என்பதைத்தான் எண்ண வேண்டும். ரத்து சதவீதம் பக்கத்தில் காவலுக்கு நிற்கட்டும்.

இன்னொன்று, எல்லா ரத்தும் ஒரே மாதிரி இல்லை. முந்தின நாள் காலியான சீட் மறுபடி விற்கும், அதுவும் அலர்ட் வந்துவிட்டால் நன்றாகவே விற்கும். புறப்பட இரண்டு மணி நேரம் இருக்கும்போது காலியான சீட் பெரும்பாலும் காலியாகவே ஊர் போய்ச் சேரும், நஷ்டம் பஸ் உரிமையாளருக்கு. ஆகவே நான் கொடுக்கும் விடை: புறப்பட 12 மணி நேரத்துக்கு முன்பு ரத்து செய்தால் உடனடிப் பணம், அதற்குப் பிறகு பழைய முறை. இந்த வடிவத்தை மறுபடி சோதித்து, பயனருக்கு எத்தனை பயணம் என்ற எண் குறையாமல் இருந்தால் எல்லோருக்கும் திறப்பேன். குறைந்தால் அந்த 12ஐ 24 ஆக்கிப் பார்ப்பேன்.