பச்சையா சிவப்பா என்பதை விட, எங்கே முடிந்தது? இரண்டு கேண்டில்கள் அருகருகே

என்எஸ்இ-யில் வர்த்தகமாகும் இரண்டு பங்குகளின் ஒரு நாள் கேண்டில்களை எடுத்துக்கொள்வோம். எண்கள் விளக்கத்துக்காக நாம் வைத்துக்கொண்டவை. இரண்டுமே அன்று 500-க்கும் 510-க்கும் இடையில்தான் ஆடின.

| | பச்சை | சிவப்பு |
|---|---|---|
| ஓபன் | 501 | 509 |
| ஹை | 510 | 510 |
| லோ | 500 | 500 |
| க்ளோஸ் | 503 | 507 |

இரண்டிலும் உடல், அதாவது ஓபனுக்கும் க்ளோஸுக்கும் உள்ள இடைவெளி, 2 ரூபாய்தான். உடலுக்கு மேலே ஹை வரையும் கீழே லோ வரையும் நீளும் கோடுகள்தான் திரிகள். பச்சையில் மேல் திரி 7 ரூபாய், கீழ்த் திரி 1 ரூபாய். சிவப்பில் அப்படியே தலைகீழ். நிறத்தை மட்டும் பார்ப்பவர் முதல் பங்கைத்தான் நல்லது என்பார். எனக்கு இரண்டாவதுதான் வலுவாகத் தெரிகிறது.

காரணம் க்ளோஸ் நிற்கும் இடம். க்ளோஸிலிருந்து லோவைக் கழித்து, அதை அன்றைய மொத்த வீச்சால் வகுத்துப் பாருங்கள். பச்சைக்கு 3/10, அதாவது 30 சதவீதம். சிவப்புக்கு 7/10, 70 சதவீதம். பச்சைப் பங்கை 510 வரை கொண்டுபோனார்கள், ஆனால் அங்கே வாங்க ஆள் போதவில்லை. உச்சியில் வாங்கியவர் 7 ரூபாய் நஷ்டத்தோடு வீட்டுக்குப் போகிறார். விலை மறுபடி அந்தப் பக்கம் வந்தால், அசல் கிடைத்தால் போதும் என்று விற்க அவர்களில் பலர் காத்திருப்பார்கள். சிவப்பில் 500-க்கு வந்ததும் வாங்குபவர்கள் இறங்கி 507 வரை இழுத்துவிட்டார்கள்.

நிறம் இன்னொரு விதத்திலும் ஏமாற்றும். அது அன்றைய ஓபனையும் க்ளோஸையும் மட்டுமே ஒப்பிடுகிறது. நேற்றைய க்ளோஸ் அதன் கணக்கிலேயே இல்லை. பச்சைப் பங்கு நேற்று 506-ல் முடிந்திருந்தால், பச்சைக் கேண்டிலோடு 3 ரூபாய் இறங்கியிருக்கிறது. சிவப்பு நேற்று 499-ல் முடிந்து இன்று கேப்-அப்பில் 509-ல் திறந்திருந்தால், சிவப்புக் கேண்டிலோடு 8 ரூபாய், சுமார் 1.6 சதவீதம், ஏறியிருக்கிறது. அதனால் முதலில் நேற்றைய க்ளோஸுக்கு ஒரு கோடு போட்டுவிட்டு, பிறகு கேண்டிலைப் பாருங்கள்.

கேண்டில் சொல்லாத ஒன்று, ஹை முதலில் வந்ததா லோ முதலில் வந்ததா என்பது. அதே பச்சைக் கேண்டில் இரண்டு வழியில் உருவாகலாம். ஒன்று: காலை 9:45-க்கே 510-ஐத் தொட்டு, பிறகு மெல்ல வழிந்து, 2:45-க்கு 500-க்கு வந்து, கடைசியில் 503-க்கு மீண்டது. இன்னொன்று: காலையிலேயே 500-க்கு இறங்கி, நாள் முழுக்க ஏறி, 2:30-க்கு 510-ஐத் தொட்டு, கடைசி ஒரு மணி நேரத்தில் 503-க்குச் சரிந்தது. முதலாவதில் ஐந்து மணி நேரம் விற்பவர்கள் கைதான் ஓங்கியிருந்தது. கடைசியில் தெரிந்த மீட்சியும் இன்ட்ராடே ஷார்ட் போட்டவர்கள் கணக்கை முடிக்க வாங்கியதாக இருக்கலாம். இரண்டாவதில் கடைசிச் சரிவே இன்ட்ராடே வாங்கியவர்கள் வெளியேறியதால் வந்திருக்கலாம். அப்படியானால் அந்த நீளமான மேல் திரிக்கு அவ்வளவு பயப்பட வேண்டியதில்லை. வித்தியாசம் தெரிய 15 நிமிட சார்ட்டைத் திறந்தால் போதும். 9:15 முதல் 3:30 வரை மொத்தம் 25 கேண்டில்கள், பார்த்து முடிக்க ஒரு நிமிடம்கூட ஆகாது.

திரி உண்மையானதா என்றும் பார்க்க வேண்டும். வர்த்தகம் குறைவாக நடக்கும் பங்கில், யாரோ அவசரத்தில் மார்க்கெட் ஆர்டர் போட்டால், நூறு பங்குகூட ஒரு நீளத் திரியை வரைந்துவிடும். 1 நிமிட சார்ட்டில் அந்த ஹை உருவான நிமிடத்தின் வால்யூமைப் பாருங்கள். பக்கத்து நிமிடங்களை விட அது சொற்பமாக இருந்து, விலையும் உடனே பழைய இடத்துக்குத் திரும்பியிருந்தால், அந்தத் திரியை விட்டுவிட்டு மீதியை அளப்பதே சரி.

க்ளோஸிலும் ஒரு சிக்கல் உண்டு. என்எஸ்இ பல ஆண்டுகளாகப் பின்பற்றிவந்த முறையில், க்ளோஸ் என்பது 3:30-க்கு நடந்த கடைசி டிரேடின் விலை அல்ல. 3:00 முதல் 3:30 வரை நடந்தவற்றின், வால்யூமைக் கணக்கில் எடுத்த சராசரி. கடைசி நிமிடத்தில் 505-க்குத் தாவிய பங்கின் க்ளோஸ் 503 என்று வரலாம். சில ஆப்கள் மாலை வரை 505-ஐயே காட்டும். அதில் உடல் 4 ரூபாய், மேல் திரி 5 ரூபாய். 30 சதவீதம் 50 ஆகிவிடும், கணிப்பே மாறிவிடும். அதனால் அளக்கும் வேலையை என்எஸ்இ தளத்தில் இறுதி க்ளோஸ் வந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். மதியம் 2 மணிக்கு, மேலே சின்ன உடலும் கீழே நீளத் திரியுமாகச் சுத்தியல் போலத் தெரியும் கேண்டில், 3:30-க்குள் கீழ்த் திரியே இல்லாத முழுச் சிவப்பாக மாற இன்னும் ஒன்றரை மணி நேரம் இருக்கிறது.