security@ மெயில்பாக்ஸ்: சில ஆண்டுகள் கவனித்துக்கொண்டதில் தெரிந்தது

வாடிக்கையாளர்கள் லாகின் செய்து பில் எடுக்கும் சிறிய பில்லிங் மென்பொருள் எங்களுடையது. அதில் ஓட்டை கண்டவர்கள் எழுதும் மெயில்பாக்ஸ் சில ஆண்டுகளாக என் பொறுப்பில் இருக்கிறது. முகவரியின் பெயர் நாங்கள் யோசித்து வைத்ததல்ல. பொதுவான மெயில் முகவரிப் பெயர்களை வரையறுக்கும் இணைய ஆவணமான, 1997-இல் வந்த RFC 2142-இலேயே security@ இருக்கிறது. எங்கே எழுதுவது என்று தெரியாதவர்கள் முதலில் அதைத்தான் அடித்துப் பார்ப்பார்கள். அதோடு, ஓட்டை கண்டால் எங்கே எழுதுவது என்று சொல்வதற்கான `/.well-known/security.txt` கோப்பில், எங்கள் தளத்தில் இதை வைத்திருக்கிறோம்:

```
Contact: mailto:security@example.com
Expires: 2027-03-31T00:00:00Z
Preferred-Languages: en, ta
```

Contact, Expires இரண்டும் கட்டாயம். காலாவதித் தேதி ஓர் ஆண்டுக்குள் இருப்பது நல்லது என்கிறது இந்தக் கோப்பை வரையறுக்கும் RFC 9116. தேதி தாண்டிய கோப்பைப் பார்க்கிறவர், இதைக் கவனிக்க ஆளில்லை என்றே எடுத்துக்கொள்வார்; அதனால் புதுப்பிக்கும் நாளை இரண்டு பேர் காலண்டரில் போட்டிருக்கிறோம். முகவரியும் ஒருவரின் இன்பாக்ஸுக்குப் போகாமல் டிக்கெட் வரிசைக்குப் போகிறது. ஸ்பேம் ஃபோல்டரைத் தினமும் ஒருவர் திறந்து பார்த்தே ஆக வேண்டும். ஸ்கிரிப்ட் துண்டும் ஜிப் கோப்புமாக வரும் நல்ல ரிப்போர்ட், ஃபில்டரின் கண்ணுக்குத் தாக்குதல் மெயில் போலவே தெரியும்.

வருவதில் பெரும்பகுதி குப்பை. "உங்கள் டொமைனில் DMARC `p=none` என்று இருக்கிறது, பரிசு எவ்வளவு?" என்று, போலி மெயிலைத் தடுக்கும் அமைப்பைக் காட்டிக் கேட்கும் அச்சுப் பிரதி மெயில்கள், "பெரிய ஓட்டை கண்டேன், முதலில் பணம் தருவீர்களா சொல்லுங்கள்" என்கிறவர்கள். இவர்களுக்கும் மரியாதையாக ஒரு பதில் போகும்: பரிசுத் திட்டம் இல்லை, விவரம் அனுப்பினால் பார்க்கிறோம். அதோடு டிக்கெட்டை மூடிவிடுவோம்.

ஆனால் எழுத்து நடையை வைத்து எதையும் தள்ளக் கூடாது. எங்களுக்கு வந்ததிலேயே கனமான ரிப்போர்ட், பிழை மலிந்த ஆங்கிலத்தில் இரண்டே வரி: பில் லிங்க்கில் கடைசி எண்ணை மாற்றினால் வேறொருவர் பில் திறக்கிறது. ஸ்கிரீன்ஷாட் கூட இல்லை.

அன்றே கையால் எழுதிய பதில் போனது. கிடைத்தது, டிக்கெட் எண் இது, இந்தத் தேதிக்குள் மறுபடி எழுதுகிறோம், மேற்கொண்டு மற்றவர் பில்களைத் திறக்காதீர்கள், திறந்ததைச் சேமித்திருந்தால் அழித்துவிடுங்கள். இவ்வளவுதான். சரிபார்க்கும் முன் "ஆம், இது ஓட்டைதான்" என்றோ, சன்மானம் என்றோ ஒரு சொல்லும் கிடையாது. தானியங்கிப் பதிலை மட்டும் நம்பி விடுவதில் எனக்கு உடன்பாடில்லை, எழுதியவர் அடுத்த நாளே "யாராவது படித்தீர்களா?" என்று கேட்பார்.

பிறகு ட்ரையாஜ், அதாவது ரிப்போர்ட் உண்மையா, எவ்வளவு தீவிரம் என்று பார்ப்பது. வாடிக்கையாளர் கணக்கைத் தொடாமல் இரண்டு சோதனைக் கணக்குகள் திறந்தோம். முதல் கணக்கில் லாகின் ஆகி, இரண்டாவதன் பில் எண்ணைக் கேட்டோம். அனுமதி இல்லை என்கிற 403 அல்லது அப்படி ஒன்று இல்லை என்கிற 404 வர வேண்டிய இடத்தில், சரி என்கிற 200 வந்தது, கூடவே முழு PDF. லாகின் ஆனவரா என்று சர்வர் பார்த்தது. அந்த பில் அவருடையதா என்று பார்க்கவில்லை. எண்கள் வரிசையாக இருப்பதால் சின்ன ஸ்கிரிப்ட் போதும், எல்லாவற்றையும் வாரிவிடலாம். யார் வேண்டுமானாலும் கணக்குத் திறக்கலாம், உள்ளே பெயர், முகவரி, தொகை இருக்கிறது. தீவிரம் அதிகம் என்று குறிக்க, ஓட்டைகளுக்கு மதிப்பெண் தரும் CVSS கணக்குப் போடத் தேவைப்படவில்லை.

அடுத்து லாக். ஒரே பயனர், தனக்குச் சொந்தமில்லாத பில் எண்கள், பதில் 200: இந்த மூன்றும் சேரும் வரிகளைத் தேடினோம். ரிப்போர்ட் செய்தவரின் சில வரிகள் மட்டுமே அகப்பட்டன. இதில் ஒரு வரம்பு உண்டு. லாக் எவ்வளவு காலம் இருக்கிறதோ, அதற்குள் நடந்ததை மட்டுமே சொல்ல முடியும். இந்திய கணினி அவசரகாலக் குழுவான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் போட்ட உத்தரவு 180 நாள் லாக் கேட்கிறது. டேட்டா கசிவு போன்ற சம்பவங்களை 6 மணி நேரத்தில் தெரிவிக்கச் சொல்வதும் அதே உத்தரவுதான். நாமாகக் கண்டுபிடித்த நேரம் மட்டுமல்ல, பிறர் நம் கவனத்துக்குக் கொண்டுவந்த நேரமும் கணக்கில் வரும். அதனால் சட்டம் பார்க்கிறவரை லாக் முடிவுக்குக் காத்திராமல் 200 வந்த கையோடு கூப்பிட்டோம்.

எண்ணுக்குப் பதில் ஊகிக்க முடியாத நீளமான ஐடி வைத்துவிடலாம் என்று ஒருவர் சொன்னார். அது தேடுவதைக் கடினமாக்கும், அவ்வளவே; லிங்க் கைமாறினால் பில் திறக்கத்தான் செய்யும். தரவுத்தள வினவலிலேயே கணக்கு ஐடியும் பொருந்த வேண்டும் என்று மாற்றினோம், பொருந்தாவிட்டால் 404. அதே குறை ரசீது, கடன் குறிப்பு லிங்க்குகளிலும் இருந்தது. ஓர் ஓட்டை வந்தால் பக்கத்து அறைகளையும் தட்டிப் பார்ப்பது அதற்குப் பிறகு எங்கள் ட்ரையாஜில் ஒரு படி. திருத்தம் ஏறியதும் ரிப்போர்ட் செய்தவரிடமே மறுபடி சோதித்துப் பார்க்கச் சொன்னோம். 404 வருவதாக எழுதினார். பெயர் போட்டு நன்றி சொல்லலாமா என்று கேட்டதற்கு வேண்டாம் என்றார்.

இன்றும் சரிவராதது வார இறுதிதான். வெள்ளி இரவு வரும் மெயிலைப் பார்க்க முறை வைத்திருக்கிறோம். ஆனால் முறை வைத்த ஆள் ஊருக்குப் போனால் மாற்று ஆள் தேடுவது இன்னும் போன் போட்டுக் கெஞ்சுகிற வேலையாகவே இருக்கிறது.